முத்திரை இல்லாத சலான்

எதிர் வீட்டு அண்ணாச்சியின் கடைச் சரக்கை விற்பனை வரி ஆபீஸ்காரர்கள் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தைத்து முடித்த தோல் பைகள், பதனிட்ட தோல் கட்டுகள், எல்லாம் போயின. தையல் மிஷின்களை மட்டும் விட்டுவிட்டார்கள். பிழைப்புக்கான கருவியை எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அண்ணாச்சி பேங்கில் வரி கட்டும் சலான் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "பணம் கட்டியாச்சு சாப், கட்டியாச்சு" என்று வண்டியின் பின்னாலேயே நடந்தார். வந்தவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல பேங்க் முத்திரை எங்கே?" என்று ஹிந்தியில் கேட்டார். அண்ணாச்சி மறுபடியும் அந்தச் சலானையே நீட்டினார்.

நான் முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். எங்கள் வீட்டிலும் அதே போல மூன்று சலான் இருந்தன. மூன்றிலும் முத்திரை இல்லை.

தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கும் அப்போது தோல் பைத் தொழில். நானும் என் வீட்டுக்காரரும் ஒரே அறையில் முன்பக்கம் தைத்து, பின்பக்கம் சமைத்துப் பிழைத்தோம். வரிக் கணக்கு, நோட்டீஸ் எல்லாவற்றையும் பார்த்தவன் ஊர்ச் சங்கத் தலைவரின் மச்சினன். வெள்ளைச் சட்டை, காதிடுக்கில் பேனா. இங்கிலீஷ் தெரியும். நோட்டீஸ் வந்தால், "கவலப்படாதீங்க மைனி, நான் பாத்துக்கிடுதேன்" என்று அண்ணி முறை சொல்லி அதையும் பணத்தையும் வாங்கிப் போவான். நான்கைந்து நாளில் பூர்த்தி செய்த சலானைக் கொண்டுவந்து தருவான். எங்கள் வீட்டில் சோறு தின்றுவிட்டுத்தான் போவான். அவன் தட்டில் நான் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றியிருக்கிறேன்.

சரக்கு போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம். தகரக் கூரை போட்ட மாடி அறை. கீழே உப்புப் போட்ட தோலின் வாடை. பெண்கள் நாங்கள் வாசல் ஓரமாக உட்கார்ந்தோம். மச்சினன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

தலைவர் எழுந்தார். அதிகம் பேசவில்லை, ஒரு சாயா குடிக்கிற நேரம்தான் பேசினார்.

"நோட்டீஸ் வந்தா ஒளிஞ்சிக்கிடாதீங்க. வாங்க மாட்டேன்னு சொன்னா கதவுல ஒட்டிட்டுப் போயிருவான், அதுவும் குடுத்த கணக்குதான். வாங்கின தேதிய அதுலயே எழுதி வைங்க. யார் பேருக்கு வந்திருக்கு, எந்த வருசத்துக்கு, என்னைக்கு வரச் சொல்லுதான், படிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கிடுங்க. அந்தத் தேதியில கணக்குப் புஸ்தகம், பில் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகணும். போக முடியலன்னா முன்னாடியே எழுதிக் குடுத்து வேற தேதி கேளுங்க. சும்மா இருந்தா ஆபீசர் தன் மனசுக்குத் தோணின மாதிரி வியாபாரத்தக் கணக்குப் போட்டு வரி எழுதிருவார். அப்புறம் அழுது பிரயோசனம் இல்ல."

பிறகு இரண்டு தாள்களைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டும் சலான்தான். ஒண்ணுல பேங்க் முத்திரையும் தேதியும் இருக்கு. இதுதான் பணம் கட்டின அத்தாட்சி. இன்னொண்ணு நாமளே எழுதினது. வெறுந்தாள். எந்த மனுவக் குடுத்தாலும் ரெண்டு காப்பி எழுதி, நம்ம காப்பியில ஆபீஸ் முத்திரை வாங்குங்க. அசலை யார் கையிலயும் விட்டுறாதீங்க. ஆர்டர் தப்புன்னு பட்டா அப்பீல் பண்ணலாம். ஆனா கையில கிடைச்ச தேதியில இருந்து ரெண்டு மாசந்தான் தவணை. யார்கிட்ட பணம் குடுத்தாலும் கையெழுத்து வாங்கிட்டுக் குடுங்க. சொந்தமா இருந்தாலும் சரி."

எல்லாம் சரியான பேச்சு. ஒரு வார்த்தை தப்பில்லை. முன்வரிசையில் இருந்தவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். "அத்தான் சொல்லுதது நூத்துக்கு நூறு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. தலைவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அந்த முத்திரை இல்லாத தாள் அண்ணாச்சி கொடுத்தது என்றும், அதை எழுதியவன் யார் என்றும் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஏமாந்தவர்களுக்குப் பாடம் நடத்திவிட்டு, ஏமாற்றியவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு அந்த அறையில் மூச்சுவிடவே அருவருப்பாக இருந்தது. தோல் வாடையோடு பதினைந்து வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். அது தோலின் வாடை அல்ல.

சாயா கொண்டுவந்தார்கள். அண்ணாச்சி குனிந்த தலை நிமிராமல் கிளாசை வாங்கினார். அதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"கையெழுத்து வாங்கச் சொன்னீங்கள்லா? இப்ப வாங்கிக் குடுங்க. எங்க பணத்தையும் அண்ணாச்சி பணத்தையும் வாங்கினவரு இந்தா உக்காந்திருக்காரு."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "ஏட்டி, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை.

தலைவர், "யம்மா, அதத் தனியா பேசிக்கிடுவோம். சபையில வேண்டாம்" என்றார்.

"சபையிலதான சொன்னீங்க, சொந்தமா இருந்தாலும் சரின்னு?"

மச்சினன் சிரித்தான். வெற்றிலைச் சாறு உதட்டோரத்தில் வழிந்தது. "மைனி, நான் எங்கயாவது ஓடியா போயிருவேன்? ஆபீஸ்ல கூட்டம். கட்டுறதுக்குத் தாமசம் ஆயிட்டு."

அப்போதுதான் அண்ணாச்சி கிளாசைக் கீழே வைத்தார். "அப்ப கட்டலன்னு ஒத்துக்கிடுத?" என்றார், மெதுவாக.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். சொன்ன சொல்லை இனி விழுங்க முடியாது. சங்கத்தின் தாளிலேயே, யார் யாரிடம் எந்தத் தவணைக்கு எவ்வளவு வாங்கினான், எவ்வளவு கட்டவில்லை, விசாரணைத் தேதிகளைச் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் எழுதவைத்தோம். சாட்சிக் கையெழுத்துக்குத் தலைவரிடம் நீட்டியபோது அவர் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. கடைசியில் போட்டார். தாளை என்னிடம் தராமல் அண்ணாச்சி பக்கம் தள்ளினார். வெட்கத்தாலா, என் மேல் இருந்த கோபத்தாலா, தெரியவில்லை.

எங்களுக்கு அப்பீல் தவணை முடியவில்லை, நேராக அப்பீல் போட்டோம். அண்ணாச்சிக்கு முடிந்துபோயிருந்தது. அந்தத் தாளின் நகலை வைத்து, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். காப்பியில் முத்திரை வாங்கினார். மேல் அதிகாரி அதை ஏற்று, இரண்டு பேர் கணக்கையும் பார்த்து மறுபடி வரி போடச் சொன்னார். பில்களை வைத்துப் பார்த்தபோது வரி பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் அவன் தின்ற பணத்தை நாங்கள் இரண்டாம் முறை கட்டினோம். சர்க்காருக்கு எங்கள் சொந்தக்காரன் யார் என்பதில் அக்கறை இல்லை. பேங்க் வாசலில் என் வீட்டுக்காரர் முத்திரை போட்ட சலானைக் காட்டியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றான். இரண்டு தடவை தந்தான். பிறகு உல்லாஸ்நகரில் போய் அறை எடுத்து அங்கேயும் கணக்கு எழுதுகிறான் என்று கேள்விப்பட்டோம். அங்கிருந்தவர்களிடம் சொல்லி அனுப்பினேன். கேட்டார்களோ என்னவோ.

மறுவருஷம் சங்கம் நடத்திய கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவன் வந்து நன்கொடை கொடுத்தான். மேடையில் அவனுக்குச் சால்வை போட்டார்கள். போட்டது தலைவர்தான். ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள், பணம் பறிகொடுத்த இரண்டு பேர் உட்பட. பந்தியில் இலை போட்டுச் சோறு வைத்திருந்தார்கள். எனக்குப் போட்ட இலையைத் தொடாமல், மடக்காமல் எழுந்து வந்தேன். அண்ணாச்சியும் வந்தார். சங்கச் சந்தாவை அதோடு நிறுத்தினோம். வாங்க வந்த பையனிடம் ஏன் என்று சொல்லத் தோன்றவில்லை. அவனும் கேட்கவில்லை.