ஜெர்மன் அட்டவணையின் காலிக் கட்டங்கள்

எனக்குக் கொடுத்தது சரியாக ஒரு வருஷம். அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் கருவிகளைப் பராமரிக்கிற மெக்கானிக்காக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். புதிய சூளைக்கு மேற்கு ஜெர்மனியிலிருந்து அளவுக் கருவிகள் வரப்போவதாகவும், பயிற்சிக்கு ஒரு ஆளை ஒன்பது மாதம் அங்கே அனுப்பப்போவதாகவும் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். பயிற்சி ஜெர்மன் மொழியில்தான். மதராஸில் நடக்கும் நடுத்தர நிலைப் பரீட்சையில் பாஸானால் நான் போகலாம், இல்லையென்றால் எங்கள் கம்பெனியின் இன்னொரு ஆலையிலிருந்து ஒருத்தன் போவான்.

"முடியுமாய்யா?" என்றார்.

"முடியும் சார்" என்றேன். அப்போது எனக்கு ஜெர்மனில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஃபோர்மேன் நாற்காலிக்கு எனக்கு இருந்த ஒரே வழி இதுதான். டிப்ளமோக்காரனான என்னை எட்டு வருஷமாக அதே ஸ்பேனரோடு சுற்றவிட்டிருந்தார்கள். இதையும் விட்டால் ரிடையராகும்வரை அதே ஸ்பேனர்தான்.

மதராஸுக்குப் போய் ஒரு பாடப் புத்தகமும் ஆறு கேசட்டும் வாங்கிவந்தேன். அங்கே விசாரித்ததில், அந்தப் பரீட்சைக்கு ஏறக்குறைய ஐந்நூறு மணி நேரப் படிப்பு வேண்டும் என்று சொன்னார்கள். நான் உடனே கணக்குப் போட்டேன்: ஐம்பது வாரம், வாரத்துக்குப் பத்து மணி. பெரிய வெள்ளைத்தாளில் கோடு போட்டு, தினமும் காலை ஐந்து முதல் ஆறரை வரை என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். இலக்கணம், சொற்கள், கேசட், எழுத்து என்று நான்கு வரிசை. பார்க்கவே அவ்வளவு அழகாக இருந்தது.

என் மனைவி பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் பஸ்ஸில் போய்வருவாள். பள்ளியின் டைம்டேபிள் போடுவதே அவள்தான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

"என்னங்க, சி ஷிஃப்ட் வாரத்துல ராத்திரி வேலை, காலைல அஞ்சு மணிக்கு எங்க இருப்பீங்க?"

"ஆலையில."

"ஏ ஷிஃப்ட்டுல?"

"அஞ்சேகாலுக்குக் கெளம்பணும்."

"அப்ப மூணு வாரத்துல ஒரு வாரந்தான் இந்த வூட்டுல படிப்பு நடக்கும். சுவத்துக்கு அழகா இருக்கும், இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மனசு வச்சா எல்லாம் நடக்கும், நீ உன் வேலையைப் பாரு" என்றேன். அவள் சோற்றை வடிக்கப் போனாள்.

இங்கே எங்கள் ஆலையின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சூளையின் வெப்பம், அழுத்தம் எல்லாவற்றையும் மணிக்கொரு தரம் லாக் ஷீட்டில் எழுத வேண்டும். எங்காவது கருவி பழுதாகி, நாங்கள் அதைப் பார்க்க ஓடிவிட்டால் பதினொரு மணிக் கட்டம் காலியாகிவிடும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் ஷிஃப்ட் எஞ்சினியர் குதிப்பார். அதனால் ஷிஃப்ட் முடியும்போது பத்து மணி எண்ணையும் பன்னிரண்டு மணி எண்ணையும் பார்த்து, நடுவில் பொருத்தமாக ஒன்றைப் போட்டுவிடுவோம். இதை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். "ரீடிங் போட்டுட்டியா?" என்றுதான் கேட்பார்கள். எட்டு வருஷத்தில் அது என் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்தக் கை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை சுவர்த்தாளைப் பார்ப்பேன். புதன் காலி. அன்றைக்குச் சாப்பிடும்போது நாலு வார்த்தை நினைத்துப் பார்த்தோமே என்று தோன்றும். ஒரு டிக். வியாழக்கிழமை கேசட் கேட்கவில்லை, வெள்ளிக்கிழமை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டோம். சரி, வியாழனுக்கும் ஒரு டிக். உண்மையில் நான் பெரும்பாலும் செய்தது சொற்களை நோட்டில் முத்துமுத்தாக நகல் எடுத்ததுதான். அதில் மூளைக்கு வேலையே இல்லை. கேசட்டில் அந்த ஆள் பேசும் வேகத்தைக் கேட்டாலே எனக்குப் பயம், அதனால் அதைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். ஆனால் தாள் நிறைந்தது. ஆறு மாத முடிவில் இருநூற்று அறுபது மணி. தாளைப் பார்த்தால் பயம் குறையும், தாளைவிட்டு வெளியே வந்தால் பயம் வரும். ஆகவே தாளையே அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது மாதம் புதுச் சூளை வைக்கும் இடத்தைப் பார்க்க ஒரு ஜெர்மன் எஞ்சினியர் வந்தார். மேனேஜர் என்னை முன்னால் தள்ளி, "பேசுய்யா, அவரு சொல்லட்டும் நீ தேறுவியா மாட்டியான்னு" என்றார். சுற்றி ஏழெட்டுப் பேர். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே என்னிடம் ஏதோ கேட்டார். நீளமாகக்கூட இல்லை. 'டாய்ச்' என்கிற சொல் மட்டும் காதில் விழுந்தது. "யா, யா" என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். இன்னொரு தடவை, மெதுவாகக் கேட்டார். மறுபடியும் "யா" என்றேன். எப்போதிலிருந்து ஜெர்மன் படிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அதற்கு நான் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். மேனேஜருக்கு அவரே இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். பக்கத்தில் எவனோ சிரித்ததும் எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார். "பரீட்சைக்குப் பேரு குடுக்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள தெளிவா சொல்லிடு. முடியாதுன்னா அந்த ஆலைக்காரனுக்கு எழுதிடறேன்."

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவருக்கு முன்னால் நின்றேன். "இருநூத்தி அறுபது மணி! பாதிக்கு மேல படிச்சிருக்கேன், ஒரு கேள்வி புரியல. எனக்கு மண்டையே கெடையாது போலிருக்கு" என்று கத்தினேன்.

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து என் கையில் வைத்தாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ரேடியோ ரிப்பேர் கடைச் சீட்டு. எங்கள் டேப்ரெக்கார்டரைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கியதும் அவள்தான்.

"நாலாவது மாசம் பதினோரு நாள் டேப்ரெக்கார்டர் இந்தக் கடையில கெடந்துச்சு. அந்தப் பதினோரு நாள்ல ஆறு நாள் நீங்க கேசட் கேட்டதா டிக் போட்டுருக்கீங்க. எதுல கேட்டீங்க? அம்மிக்கல்லுலயா?"

ரீடிங் போட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவமானமாக இருந்தது. ஆலையை ஏமாற்றியதற்கு ஒரு நாளும் வெட்கப்படாதவன், என்னையே ஏமாற்றிக்கொண்டதற்குச் செத்துப்போகலாம் போல வெட்கப்பட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம், ஆலையில் ரீடிங் போடும் கதையையும் அவளிடம் சொல்லிவிட்டேன். என் ஷிஃப்ட் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு டிக்காகக் கேட்டாள், சந்தேகமானதை எல்லாம் அடித்தாள். மிஞ்சியது நூற்று நாற்பது மணி. மீதி ஆறு மாதத்தில் தினமும் மூன்று மணி படித்துவிடுகிறேன் என்றேன்.

"போதும், மறுபடியும் ஆரம்பிக்காதீங்க" என்றாள். "உங்களுக்கு ஒரு டைம்டேபிள் இல்லங்க, மூணு வேணும்."

போட்டாள். ஏ ஷிஃப்ட் வாரம் மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்து நாலரை முதல் ஆறரை வரை. பி ஷிஃப்ட் வாரம் அவள் பஸ்ஸுக்குப் போனதும் காலை எட்டு முதல் பத்து வரை. இரண்டு வாரத்திலும் லீவு நாளில் கூடக் கொஞ்சம். சி ஷிஃப்ட் வாரம் தினம் ஒரு மணி நேரம், புதுப் பாடமே கிடையாது, பழையதைத் திருப்பிப் பார்ப்பது மட்டும். எந்த வாரமானாலும் தினமும் கேசட்டோடுதான் தொடங்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு கடிதம் ஜெர்மனில் எழுத வேண்டும், ஏனென்றால் பரீட்சையில் கடிதம் உண்டு. பேச ஆள் இல்லாததால், அன்றைக்கு ஆலையில் செய்த வேலையை டேப்ரெக்கார்டரில் சொல்லிப் பதிந்து, நானே கேட்க வேண்டும். என் குரலை நானே கேட்பதைப் போலத் தண்டனை வேறு இல்லை. நோட்டில் நகல் எடுப்பதற்குத் தடை. சொற்களைத் துண்டு அட்டைகளில் எழுதி, தெரிந்தது காக்கிச் சட்டையின் இடது பை, தெரியாதது வலது பை.

கடைசியாக வாரத்துக்கு இரண்டு மணி வெறுமனே விட்டாள். "ஸ்கூல்ல டீச்சர் வரலன்னா சப்ஸ்டிட்யூஷன் போடுவோம்ல, அது மாதிரி. விட்டுப்போனத இதுல படிங்க. இதுலயும் முடியலன்னா அந்தக் கட்டம் காலியாவே இருக்கட்டும்."

"எல்லாம் கூட்டினா நானூத்தி அம்பதுதான் வருது" என்றேன்.

"அம்பது கொறையட்டும். ஆனா நெசம்."

காலிக் கட்டத்தோடு வாழ்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேனா தானாகத் தாளுக்குப் போகும், கையை இழுத்துக்கொள்வேன். முதல் மூன்று வாரம் ஓட்டை ஓட்டையாகக் கிடந்த தாளைப் பார்த்துப் பயந்தே செத்தேன். ஆனால் ஓட்டை எங்கே விழுகிறது என்று தெரிந்தது. ஷிஃப்ட் மாறுகிற நாளில்தான் ஒவ்வொரு முறையும் விழுந்தது. அந்த நாளைப் படிப்பிலிருந்தே எடுத்துவிட்டோம். இரண்டாம் மாத முடிவில் கேசட்காரன் பேசுவதில் முக்கால்வாசி புரிந்தபோது, மேனேஜரிடம் போய்ப் பெயர் கொடுக்கச் சொன்னேன்.

பரீட்சையில் நான் வாங்கியது பாஸில் ஆகக் கடைசித் தரம். 'போதுமானது' என்று அதற்குப் பெயர். அந்தச் சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. கடிதத்தைப் பிரித்ததும் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் என்று நினைத்தேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியில் துணி அடுக்கும்போது சொன்னாள்.

"ரிப்பேர் கடைச் சீட்டு, உங்க கையில குடுக்கறதுக்கு முன்னால, ரெண்டு மாசமா என் பையிலதான் இருந்துச்சு. நீங்க டிக் போட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லாம இருந்தா நீங்க ஃபெயிலாவீங்க, இங்கயே இருப்பீங்க. ஒன்பது மாசம் இந்த வூட்டுல நான் தனியா எப்படிங்க இருப்பேன்னு நெனச்சேன்." சட்டையை மடித்தபடியே இருந்தாள். "அன்னிக்கு எனக்கு மண்டையே இல்லன்னு சொல்லி நின்னீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல."

நான் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு தாளை எடுத்துத் துணிக்கு மேலே வைத்தாள். அவள் கையால் போட்ட கோடு. ஒரே வரிசை, முப்பத்தொன்பது வாரம், மேலே 'கடிதம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"எழுதலன்னா காலியா விடுங்க. நான் கோவிச்சுக்குவேன், அது பரவால்ல. ரீடிங் மட்டும் போட்டுடாதீங்க."

திரும்பி வந்தபோது அந்தத் தாளில் ஐந்து கட்டம் காலி. ஐந்தையும் அப்படியே கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.