திருப்பித் தராத ருபாட்டோ

பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பவனை, தப்பு நடக்கும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் எங்கள் கிளாரினெட்டுக்காரர் மரியதாஸ். அவர் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறந்துவிட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

இது ஐம்பதுகளில் கிருஷ்ணகிரியில் நடந்த கதை. எங்கள் மாஸ்டர் பெங்களூரில் பட்டாள பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டுச் சுரங்கள் அச்சடித்த நோட்டுத் தாள்கள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மேலே, எப்படி வாசிக்க வேண்டும் என்று இத்தாலிக்காரன் பாஷையில் ஒரு சொல் இருக்கும். எனக்கு மூன்றாவது வகுப்போடு படிப்பு முடிந்தது. அதனால் அந்தச் சொல்லை மாஸ்டர் என் தாளில் பென்சிலால் தமிழில் எழுதி, அர்த்தமும் வாயால் சொல்லுவார். மற்றவர் வீட்டு விசேஷத்துக்கு வியர்வை சிந்திப் பேச்சும் வாங்கியவர்கள் இதைப் படித்தால், அவரவர் கதையும் ஞாபகம் வரும்.

அலெக்ரோ

அலெக்ரோ என்றால் வேகம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மாஸ்டர் அப்படிச் சொல்லவில்லை. அது முதலில் குஷி, வேகம் அதற்குப் பின்னால் வருவது என்பார். குஷியாக இருப்பவன் எட்டி நடப்பான், ஆனால் மூச்சு வாங்க மாட்டான். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் நீ அலெக்ரோவைத் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம்.

ஓசூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை குதிரை மேல். மரியதாஸுக்கு விரல் நன்றாக ஓடும். ஓடுவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றும் அவருக்கு ஆசை. தெரு முனை திரும்பியதும் பாட்டை இழுத்துக்கொண்டு ஓடினார். நானும் டிரம்மோடு அவர் பின்னால் ஓடினேன். எங்களைப் பார்த்துக் குதிரையும் ஓட்டமெடுத்தது. ஜரிகைத் தலைப்பாகை ஒரு பக்கம் சாய, மாப்பிள்ளை பிடரியைக் கட்டிக்கொண்டார்.

மாஸ்டர் மரியதாஸை ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் வந்து, "அவன் ஓடினாலும் நீ ஓடாதே. நான் கை காட்டினால் தவிர டிரம் நகரக் கூடாது" என்றார். இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் தன் பங்குக்குச் சொன்னது இது: "ஏமய்யா, எங்க பையன் கல்யாணத்துக்குப் போறானா, பஸ்ஸப் புடிக்கப் போறானா?"

அண்டாண்டே

இது நடை. மெதுவென்று பலரும் சொல்லுவார்கள், அது சரியில்லை. அவசரமில்லாத மனுஷன் நிற்காமல் நடக்கிற நடை. அதைவிட மெதுவாக, ஓய்வாகப் போவதற்கு அடாஜியோ என்று வேறு சொல் இருக்கிறது.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் சாவு. சாவுக்கு ஏற்றது என்று அடாஜியோ போட்ட தாளை எடுத்தோம். நான் ஒரு அடி அடித்து அடுத்த அடிக்குக் காத்திருக்க, பாடை தூக்கியவர்கள் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள். இரண்டு தெரு போவதற்குள் தோள் மாற்ற ஆள் கேட்டார்கள். மாஸ்டர் குனிந்து அவர்கள் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாட்டை மாற்றி, அந்தக் கால்களுக்கே எண்ணிக்கை கொடுத்தார். அண்டாண்டே வந்துவிட்டது. பாடையும் ஒழுங்காக நகர்ந்தது.

சுடுகாட்டில் இறக்கி வைத்ததும், பாடையின் முன்பக்கம் தூக்கியவர் தோளைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நீ மெதுவா அடிச்சா பொணம் கனக்குதுப்பா."

ரிட்டர்டாண்டோ, அ டெம்போ

முதலாவது, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைவது. இரண்டாவது, பழைய வேகத்துக்குத் திரும்புவது. திரும்பும்போது கொஞ்சம் கொஞ்சமாக இல்லை. அடுத்த அடியிலேயே பழைய வேகம் வந்து நிற்க வேண்டும். அந்த அடி என்னுடையது. உட்கார்ந்து வாசித்தால் கேட்க அழகாக இருக்கும்.

சிங்காரப்பேட்டையில் சாமி ஊர்வலம். எங்கள் பின்னால் சப்பரம். பாட்டின் ஒவ்வொரு சுற்று முடிவிலும் தாளில் ரிட்டர்டாண்டோ இருந்தது. நாங்கள் தாளுக்கு விசுவாசமாக வேகத்தைக் குறைத்தோம். பாட்டின் வேகம் குறைய எங்கள் நடையும் குறைந்தது. சப்பரத்தின் முன்கழி என் முதுகில் வந்து இடித்தது. அடுத்த அடியில் அ டெம்போ. நாங்கள் புறப்பட்டுவிட்டோம், சப்பரம் பின்தங்கிவிட்டது. நாலு சுற்றுக்கு இப்படி இடியும் ஓட்டமுமாகப் போனது. அதோடு, நடக்கும்போது அந்தச் சொல்லைப் பார்க்காதது போல் இருக்கும்படி மாஸ்டர் உத்தரவு போட்டார். சப்பரம் தூக்கியவரின் உத்தரவு அதற்கு முன்பே வந்துவிட்டது: "சாமி நிக்கச் சொன்னா நிப்போம். எங்கள நிக்கச் சொல்ல நீ யாருய்யா?"

ருபாட்டோ

இதைக் களவு என்று மாஸ்டர் சொன்னார். தனியாக வாசிப்பவன் ஒரு சுரத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்று நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த சுரங்களைச் சற்று விரைவாக விட்டு, வரி முடிவதற்குள் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவனுக்குத் துணையாகத் தாளம் பிடிப்பவர்கள் அசையக் கூடாது. அவர்கள் அசையாமல் இருந்தால்தான் மேலே அவன் நின்றதும் விரைந்ததும் அழகாகத் தெரியும். எல்லோரும் சேர்ந்து வளைகிற இன்னொரு விதமும் உண்டு. ஆனால் அதற்கு ஒருவர் முன்னே நின்று கை காட்ட வேண்டும்.

காவேரிப்பட்டினத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். மாஸ்டருக்குக் காய்ச்சல். மரியதாஸ்தான் அன்று பொறுப்பு. பெண் பந்தலுக்குள் வந்த நேரத்தில் அவர் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. தாளில் ருபாட்டோ. உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நின்றார். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த சுரங்களையும் ஆற அமர வாசித்தார். வரி முடியும்போது ஒன்றரை அடி பின்னால் இருந்தார். இரண்டு கையும் கிளாரினெட்டில், எங்களுக்குச் சைகையாகத் தலைகூட அசைக்கவில்லை. நான் அசையவில்லை. பெரிய பித்தளை ஊதல் அவரோடு போனது, சின்ன டிரம் என்னோடு நின்றது. ஒரே பந்தலில் இரண்டு பேண்டு கேட்டது. கடைசியில் எல்லாம் நின்றுபோய், ஜனம் சிரித்தது.

வீட்டுக்காரர் வந்து, "இன்னாப்பா ஆச்சு, டிரம்மு கிழிஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

மரியதாஸ் கிளாரினெட்டில் இருந்த எச்சிலைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "டிரம்முக்கு ஒண்ணும் இல்லீங்க. அடிக்கறவன் கைதான் ஓடுது."

சிம்பல்

மாஸ்டர் காய்ச்சலில் இருந்து எழுந்ததும் அவர் காதுக்குப் போனது அந்த வார்த்தைதான். கொஞ்ச நாளைக்கு நீ சிம்பல் தட்டு என்று, பெரிய ஜால்ரா மாதிரி இருக்கும் இரண்டு பித்தளைத் தட்டுகளை என்னிடம் கொடுத்தார். பெரிய டிரம்மை மரியதாஸின் மச்சான் தோளில் மாட்டிக்கொண்டான். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

மரியதாஸை வழியில் மடக்கிக் கேட்டேன். "அண்ணே, டிரம்ம நீங்களே வெச்சுக்குங்க. அன்னிக்கி என் கை ஓடலன்னு மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்." அவர் கோபப்படவில்லை. சமாதானமாகத்தான் சொன்னார்: "அன்னிக்கி முன்ன நின்னது நான்பா. நான் வளைஞ்சா நீயும் வளைய வேண்டியதுதானே?"

ராயக்கோட்டை ஸ்டேஷன்

செட்டு கலைந்து, மாஸ்டரும் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் மரியதாஸை ஸ்டேஷனில் பார்த்தேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முன்பல் இரண்டு இல்லை. இனிமேல் கிளாரினெட் பிடிக்க முடியாது. நலம் விசாரித்தார், நானும் விசாரித்தேன். அன்று என் கை ஓடவில்லை என்று மாஸ்டரிடம் சொல்ல இனி வழியில்லை, என்னிடமாவது சொல்லுங்கள் என்றேன். ஒரு கூடையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். மணி அடித்தது. எழுந்து துண்டை உதறினார்.

"இன்னும் அதையே புடிச்சிக்கினு கீறியா? வண்டி வருது பாரு."

எடுத்த நேரத்தை வரி முடிவதற்குள் திருப்பிக் கொடுத்தால்தான் அது ருபாட்டோ. மரியதாஸ் எடுத்த ஒன்றரை அடி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, நானும் அடித்த இடத்திலேயே நிற்கிறேன்.