எலிக்குப் பயந்து அடைத்த ஜன்னல்

எலி என்றாலே அமிர்தத்துக்கு உடம்பெல்லாம் எரியும். அம்மா மண்டபம் சாலையில் அவள் நடத்தும் மெஸ்ஸில் சாமான் அறையைப் பார்த்தவர்களால் ஒரு குறை சொல்ல முடியாது. வெங்காயத்தை மூட்டையோடு போட்டு வைக்கிற சோம்பேறித்தனம் அவளிடம் கிடையாது. மூங்கில் தட்டில் பரப்பி ஜன்னல் காற்றில் வைப்பாள். உருளைக்கிழங்கு எதிர்ச்சுவரோரம், வெளிச்சம் படாமல், பலகை மேல் கூடையில் இருக்கும். கொப்பரை வெயிலில் காய்ந்து சாக்குக்குள் போகும். பொன்மலை ரயில்வே ஆட்களுக்கு டிபன் கேரியர் கட்டிக் கொடுத்த காலத்திலேயே வந்த பழக்கம் அது.

அந்தக் கொப்பரைதான் வினையாயிற்று. ஜன்னல் கம்பி வழியே வந்த எலி சாக்கைக் கடித்து, மாடிக்கும் ஏறிவிட்டது. மாடியில் வீட்டுக்காரர் ஹரிஹரசுதன். நல்ல மனுஷர்தான், ஆனால் மனைவி படுத்த படுக்கை. இனி ஒரு எலியோ ஈயோ மேலே வந்தால் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மெஸ் போனால் அவளுக்கும் புருஷன் பெரியண்ணனுக்கும் வேறு பிழைப்பு ஏது?

கொப்பரையை இறுக்கமான மூடி போட்ட தகர டின்னுக்கு மாற்றினாள். சரியான வேலை. அதோடு நின்றிருக்கக் கூடாதா! ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்துக்கொள்ளலாம் என்று பெரியண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தொட்டியத்தில் அவள் அண்ணன் போய்விட்டதாகப் போன் வந்தது. ஐப்பசி மழை வேறு. அழுதுகொண்டே ஜன்னலைத் தகரத்தால் அடைத்தாள். கதவிடுக்கில் சாக்கைத் திணித்தாள். அந்த அறையின் ஓட்டுக் கூரை ஒழுகுமே என்று வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே மூலையில் குவித்து, தார்ப்பாயைப் போர்த்திப் பூட்டிவிட்டுப் புருஷனோடு போனாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பியபோது தெருவிலேயே நாற்றம். தார்ப்பாயின் அடியெல்லாம் வேர்த்து நீர் கோத்திருந்தது. உருளைக்கிழங்கு அழுகி ஒழுகி, அந்த ஈரத்தில் வெங்காயமும் கூழாகி, புழு நெளிந்தது. கதவைத் திறந்ததும் ஈக்கள் கூட்டமாக மாடிப்படிப் பக்கம் பறந்தன. எலி ஒன்றுகூட இல்லை. டின்னில் கொப்பரை மட்டும் மொறுமொறுவென்று அப்படியே இருந்தது.

அவளுக்கு அண்ணன் செத்ததற்கு வந்த அழுகைகூட வரவில்லை. தன் கையாலேயே காற்றை அடைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹரிஹரசுதன் மூக்கைத் துண்டால் பொத்தியபடி இறங்கி வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உங்க துக்கத்துல இதைச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கும்மா. மேல படுத்திருக்கறவளால மூச்சு விட முடியல. இந்த மாசத்தோட வேற இடம் பாத்துக்குங்க."

அவர் போன பிறகு பெரியண்ணன் குந்தி உட்கார்ந்து, அழுகலுக்குள் கையை விட்டுத் தேறியதைப் பொறுக்கிக் கழுவி, துணியில் துடைத்துப் பரப்பினார். ஒரு முறம்கூட நிறையவில்லை.

"இது நல்லாத்தான் இருக்கு அமிர்தம். காய வச்சா அடுத்த மாசம் வரைக்கும் தாங்கும்."

அவள் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசம் யாருக்குங்க சமைக்கப் போறோம்?"