இரண்டு முறை உறைந்த வஞ்சிரம்

முத்தாபுதுப்பேட்டையில் உறையவைத்த மீனும் கோழியும் விற்கும் சின்னக் கடை மனோகரனுடையது. கடை சின்னதென்றாலும் கடைக்காரரின் பிரசங்கம் பெரியது. பை நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் கண்டிப்பாகச் சொல்வார்: "ஒரு தபா உருகிச்சுன்னா, திரும்ப ஃப்ரீசர்ல வெக்கவே கூடாது. வெச்சா வெசம்தான், பாத்துக்கோங்க!" கடைக்கு வருகிற பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் அவருக்கு 'ஐஸ் வாத்தியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கேலி என்பது அவருக்கு ரொம்ப நாள் தெரியாது. பட்டம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் மனைவி அனுசுயாவின் அண்ணன் ஏகாம்பரம் குடும்பத்தோடு ராத்திரி விருந்துக்கு வருவதாக இருந்தது. "மீன் விக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று ஒருமுறை கேட்ட மனிதர். அவர் வாயை அடைக்க, கடையிலேயே அழகான வஞ்சிரத் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்து வந்து, முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தார் மனோகரன். ஃப்ரீசரில் இருந்த கோழியை எடுத்துக் கீழே வைக்க மறந்துவிட்டார். காலையில் எழுந்ததும் அதை எடுத்து, சீக்கிரம் உருகட்டும் என்று பையோடு சிங்க் பக்கத்தில் போட்டார்.

மதியம் ஏகாம்பரத்திடமிருந்து போன் வந்தது. "மாப்ளே, தப்பா நெனைக்காதே. இவளுக்குக் காய்ச்சல். அடுத்த ஞாயித்துக்கிழம கண்டிப்பா வந்துடறோம்."

போனை வைத்துவிட்டு மனோகரன் ஒரு கையில் மீனையும் ஒரு கையில் கோழியையும் தூக்கிக்கொண்டு நேரே ஃப்ரீசர் முன்னால் போய் நின்றார். அனுசுயா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாங்க வாத்தியாரே, வெசம்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே? அது ஊருக்கு மட்டுந்தானா?"

மனோகரனுக்கு மூக்கு நுனி சிவந்தது. ஆனால் விஷயம் தெரியாதவர் அல்ல அவர். தெரிந்தும் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மீனு ஃபிரிட்ஜுக்குள்ளயே உருகிச்சு. தொட்டுப் பாரு, ஜில்லுனு கீது. இத்த திரும்ப வெக்கலாம், ஒண்ணும் ஆவாது. ருசிதான் கொஞ்சம் போவும்."

"அப்போ கோழி?"

பையை அழுத்திப் பார்த்தார். நடுவில் இன்னும் கட்டி இருந்தது. வெளிப்புறமோ வெதுவெதுவென்று வழுக்கியது. மே மாத வெயிலில், விசிறிகூட இல்லாத சமையலறையில், காலையிலிருந்து கிடந்த கறி. கிருமி பெருகியிருக்கும், ஃப்ரீசருக்குள் போனாலும் சாகாது, தூங்கத்தான் செய்யும். சமைத்தால் சரியாகிவிடும் என்று நம்பவும் முடியாது. நடுவில் கட்டியாகத்தானே இருக்கிறது என்று மனசு கெஞ்சியது. வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் திட்டியிருப்பார். ஒரு பெருமூச்சோடு கோழியைக் குப்பையில் போட்டார்.

"அப்போ மீன வெக்கலாம்னு கடைக்கு வர்றவங்களாண்ட ஏன் சொல்றதில்ல?" அனுசுயா விடவில்லை.

"அதெல்லாம் வெளக்கிக்கினு இருக்க எனக்கு ஏது நேரம்?" என்றார். பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்க வருவார்கள் என்கிற எண்ணமும் ஓரத்தில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிறு ஏகாம்பரம் வந்தே விட்டார். ஃபிரிட்ஜில் மறுபடி உருகிய வஞ்சிரம் தட்டு நிறையத் தண்ணீர் விட்டிருந்தது. வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறைகிறபோது ஐஸ் பெரிய பெரிய பரலாகக் கட்டிச் சதையைக் கிழித்துவிடும், உருகும்போது சாறு ஓடிவிடும். எல்லாம் தெரிந்த கதைதான். தெரிந்ததால் மீன் இறுகிவிடவா போகிறது? தோசைக்கல்லில் போட்டதும் எண்ணெய் சடசடவென்று தெறித்தது, மசாலா வழிந்தது, திருப்பப்போனால் துண்டு நாலாக உடைந்தது.

மச்சான் வாயை அடைக்க வந்த வஞ்சிரம் கல்லோடு ஒட்டிக்கிடப்பதைப் பார்த்து மனோகரன் கரண்டியும் கையுமாக நின்றார். அனுசுயாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வறுவல மறந்துருங்க. புட்டு பண்ணிடலாம், நகருங்க."

மீதித் துண்டுகளை மஞ்சள் போட்டு வேகவைத்து, உடைந்ததையும் சேர்த்து முள் எடுத்து உதிர்த்தாள். மனோகரன் பயபக்தியோடு வெங்காயமும் பூண்டும் நறுக்கிக் கொடுத்தார். பச்சைமிளகாயோடு வதங்கியபோது, சதை கொஞ்சம் சக்கையாக இருப்பது யாருக்கும் தெரியாதபடி ஆகிவிட்டது.

ஏகாம்பரம் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"மாப்ளே, இது இன்னா மீனுப்பா? பூ மாதிரி உதிருதே! உன் கடைல தெனம் கெடைக்குமா?"

"தெனம் கெடைக்காது மச்சான்," என்றார் மனோகரன் தட்டைப் பார்த்தபடி. "ஸ்பெஷலா ரெண்டு தபா உறையவெச்சது."

ஏதோ உயர்ந்த வெளிநாட்டு முறை என்று நினைத்து ஏகாம்பரம் மரியாதையாகத் தலையாட்டினார். அனுசுயாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. தண்ணீர்ச் சொம்பை நீட்டுவதைத் தவிர மனோகரனுக்கு வேறு வேலை இருக்கவில்லை.