சுவாமி தீர்த்தம் தெளிக்கும் முன்

இந்திய அகதி முகாமிலிருந்து விடத்தல்தீவுக்குத் திரும்பிய பிறகு தம்பி வாங்கிய முதல் படகு அது. பழைய ஃபைபர் படகுதான், மேலே புதுப் பெயின்ட். வங்காலையிலிருந்து கடல்வழியாகக் கொண்டுவந்து மணலில் ஏற்றி, அன்றைக்கே பங்குச் சுவாமியைக் கூப்பிட்டுப் படகை மந்திரிப்பித்தோம். தீர்த்தம் வழிந்த இடத்தைத் தொட்டு எல்லோரும் நெற்றியில் வைத்துக்கொண்டோம். படம் எடுக்கும் வேலை என்னுடையது. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி நின்று எடுத்ததெல்லாம் வீடியோ. ஒரு படம்கூட இல்லை.

அப்பா இன்னும் முகாமில்தான் இருந்தார். "ஒரு படமாவது அனுப்பு பிள்ளை" என்று விடாமல் கேட்டார். எங்கள் பக்கத்துச் சிக்னலில் வீடியோ போகாது. மறுநாள் தம்பி தனியாகக் கடலுக்குப் போயிருந்தான். சமையல் முடித்ததும், வீடியோவில் இருந்து ஒரு படத்தைப் பிடிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

சுவாமி கையை வீசும்போது நிறுத்தினால் கை கலங்கலாகத்தான் தெரிந்தது. எரிச்சலாக வந்தது. மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். கை இன்னும் தீர்த்தச் செம்புக்குள் இருக்கும் இடத்தில் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். திரையைத் தட்டினேன், மேலிருந்த குறிகள் மறைந்தன. பவர் பொத்தானையும் சத்தம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அமத்த, படம் பதிந்தது.

முகங்கள் தெளிவா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். படகின் அடியில், புதுப் பெயின்ட் மேல், ஒரு ஈரக்கோடு மணல்வரை இறங்கியிருந்தது. தீர்த்தம் என்று நாங்கள் தொட்ட அதே இடம்.

சுவாமி இன்னும் ஒரு துளிகூடத் தெளிக்கவில்லை.

அப்படியென்றால் அது தீர்த்தமில்லை, படகின் அடியில் எங்கோ வெடிப்பு. வரும் வழியில் உள்ளே ஏறிய கடல் தண்ணீர், அது வழியாக வெளியே கசிந்திருக்கிறது. தம்பிக்குப் போன் எடுத்தேன். போகவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன்.

அம்மாவிடம் காட்டினேன். அவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

"பக்கத்து வீட்டு அண்ணையைக் கூப்பிடு. படகை எடுக்கச் சொல்லு."

அண்ணை தன் படகில் தம்பியைத் தேடிப் போனார். நாங்கள் கரையில் நின்றோம். அம்மா செபமாலையை எடுக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பொழுது சாயும் நேரம் அண்ணை தம்பியின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பின்பக்கம் முழுக்கத் தாழ்ந்திருந்தது. தம்பி முழங்காலளவு தண்ணீரில் நின்று, வெட்டிய பிளாஸ்டிக் கானால் இன்னும் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தான். கரைக்கு வந்த பிறகும் அவன் கை நிற்கவில்லை.

அந்தப் படத்தைத்தான் அப்பாவுக்கு அனுப்பினேன். வேறு இல்லை. "படகு நல்ல வடிவு" என்றார்.

வெடிப்பை அடைத்தாயிற்று. இப்போதும் தம்பி படகைக் கடலில் தள்ளும் முன் அம்மா குனிந்து அதன் அடியை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பார்க்கிறவர்கள் கும்பிடுகிறார் என்றே நினைப்பார்கள். கையை நெற்றிக்குக் கொண்டுபோக மாட்டார்.

"காய்ஞ்சுதான் கிடக்கு. போயிட்டு வா."