இரண்டு பெயருக்கு ஒரு ஜ

மருதனார்மடச் சந்தையின் இரைச்சல் எட்டுகிற தூரத்தில் ஓர் அச்சகம். அங்கேதான் நான் சில வருடங்கள் ஈய எழுத்துக் கோத்தேன். போரில் யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியிருந்த காலம், மின்சாரம் இல்லாத காலம். யந்திரம் காலால் மிதிப்பது என்பதால் எங்களுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. மிதித்தால் உருளை மை பூசும், தட்டு வாய் திறந்து மூடும். அந்தச் சத்தம் இன்றைக்கும் சில மாலைகளில் என் கால்களுக்குள் கேட்கிறது.

எழுத்துப் பெட்டியின் நடுவே தமிழ் எழுத்துகளுக்குப் பெரிய அறைகள். கைக்கு எட்டும் இடத்தில் க, ம, த. மேல் மூலையில், கை நீட்டி எடுக்க வேண்டிய சின்ன அறைகளில், ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ. விருந்தாளிகளுக்கு வைத்த பாய்போல எப்போதாவதுதான் அவை இறங்கும். இங்கிலிஸ் வார்த்தை வந்தாலும் அந்த மூலை எப்போதும் தேவைப்படாது. ரியூசன், ரயர், பற்றறி என்று எங்கள் ஊர் ரகரமும் றகரமுமே பாதி இங்கிலிசைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஹ கிடைக்காத நாளில் ஓட்டல் என்று கோத்தால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. தெருவிலும் பலகைகள் மாறிக்கொண்டிருந்தன. பேக்கரி வெதுப்பகமானது. ஐஸ்கிறீம் குளிர்களியானது, ஆனால் அது கேட்டு அழுகிற பிள்ளை பழைய பெயரைச் சொல்லித்தான் அழுதது.

மனிதரின் பெயர் அப்படியில்லை. அதைத்தான் அந்தக் கலியாணக் கார்ட் எனக்குச் சொன்னது.

பெண் ஒரு மிசன் பள்ளிக்கூடத்து மாஸ்ரரின் மகள். வேதக்காரக் குடும்பம், பைபிளிலிருந்து இங்கிலிஸ் வழியாக வந்த பெயர், ஜே என்று தொடங்கும். மாப்பிள்ளை அச்சுவேலிப் பக்கத்துச் சைவக் குடும்பத்துப் பொடியன், கொடிகாமத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை. அவருடைய பெயர் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, ஜெ என்று தொடங்கும். இருவரும் விரும்பின கதை. இரண்டு வீட்டிலும் மாதக்கணக்காகக் கதவு அடித்துச் சாத்தப்பட்டு, பிறகு ஒருமாதிரித் திறந்திருந்தது. இன்னொரு காற்று அடித்தால் மறுபடி மூடிக்கொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காற்று எங்கள் பெட்டிக்குள் இருந்து வந்தது. கார்டில் மணமக்களின் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் அடிப்பது வழக்கம். ஜே என்றாலும் ஜெ என்றாலும் கொம்பு தனி ஈயம், ஜ தனி ஈயம். கொம்புகள் தாராளமாக இருந்தன. பெரிய எழுத்தில் ஜ ஒன்றே ஒன்று. மற்றவை இடம்பெயர்ந்துபோன இன்னோர் அச்சகத்துக்கு இரவல் போனவை, திரும்பவில்லை. புதிது வாங்கக் கொழும்புக்குப் பாதை இல்லை.

மாஸ்ரரும் மாப்பிள்ளையின் தாயும் மாதிரி அடித்த புரூவ் பார்க்க ஒரே நாளில் வந்தார்கள். பெண்ணும் தகப்பனோடு வந்திருந்தாள். முதலாளி தலையைச் சொறிந்தார்.

"ஒரு பெயரைச் ச போட்டு அடிப்பம். வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கும்தானே."

"யாற்றை பெயரை?" என்றார் தாய்.

அவ்வளவுதான். அறை சின்னதாகிவிட்டது.

"ஞானஸ்நானத்திலை வைச்ச பெயர்," என்றார் மாஸ்ரர். "உதிலை கை வைக்கேலாது."

"எங்கடை பிள்ளைக்கு மட்டும் ரோட்டிலை கிடந்தோ பெயர் எடுத்தனாங்கள்? கோயிலிலை வைச்சு மூண்டு தரம் காதுக்குள்ளை சொன்ன பெயர்."

"சின்ன எழுத்து ஜ ஒண்டு போட்டுப் பாக்கட்டோ?" என்றேன். பெரிய எழுத்துகளுக்கு நடுவே கோத்து ஒரு புரூவ் எடுத்தும் காட்டினேன். பல் விழுந்த வாய்போல இருந்தது.

"சபையிலை என்ரை பிள்ளை குந்திக்கொண்டிருக்கிற மாதிரியெல்லே கிடக்கு," என்றார் தாய்.

பெண் தகப்பனின் முகத்தையும் மாமியாகப்போகிறவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கைக்குட்டை கயிறாகி இருந்தது. ஓர் ஈயத் துண்டுக்காகக் கலியாணம் நின்றுபோகுமா? நின்றிருக்கும். எங்கள் ஊரில் இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு நின்றிருக்கிறது.

அவள் என்னிடம் மெல்ல வந்தாள். "அக்கா, ஒரு எழுத்தை நாங்கள் ரெண்டு பேரும் மாறி மாறிப் பாவிக்கேலாதே?"

பகிடியாகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் யந்திரத்தைப் பார்த்தார்.

"ஏலும்," என்றார், விருப்பமில்லாத குரலில். "ரெண்டு தரம் மிதிக்கவேணும். முதல் அடியிலை ஒரு பெயருக்கு ஜ, மற்றப் பெயரிலை அந்த இடத்துக்கு எழுத்தில்லாத வெறும் ஈயம். பிறகு ஜவைக் கழட்டி அங்கை மாத்தி, மிச்ச எழுத்தெல்லாத்தையும் தடிச்ச தாளாலை மூடி, ஜ நிக்கிற இடத்திலை மட்டும் ஓட்டை வெட்டி, அதே கார்டை திருப்பி வைச்சு அடிக்கவேணும். ஒரு நூல் விலகினாலும் கார்ட் பழுது. மட்டை வேறை இல்லை, சொல்லிப்போட்டன்."

"அப்ப முதல் அடியிலை யார்?" என்று தாய் கேட்டார். மறுபடி தொடங்கப்போகிறது என்று நினைத்தேன்.

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரமெடுத்துத் துடைத்தார். "மாப்பிள்ளையின்ரை முதல் நிக்கட்டும். முதல் அடிதானே நேரா விழும்."

தாய் அவரைத் திரும்பிப் பார்த்தார். சண்டைக்கு எடுத்து வைத்திருந்த சொல்லை அவர் விழுங்கியது எனக்குத் தெரிந்தது.

"இல்லை மாஸ்ரர்," என்றார். "எங்கடை வீட்டுக்கு வாற பிள்ளை. அவவின்ரையை நேரா அடியுங்கோ. அவன் ஆம்பிளை, எப்பிடி நிண்டாலும் காணும்."

"அது சரியில்லை, அக்கா," என்றார் மாஸ்ரர்.

"நீங்கள் சும்மா இருங்கோ."

அதற்குமுன் ஒரு மணித்தியாலம் விட்டுக்கொடுக்காமல் நின்ற அதே இரண்டு பேர், இப்போது விட்டுக்கொடுப்பதில் பிடிவாதம் பிடித்தார்கள். "ஆரெண்டாலும் முடிவைச் சொல்லுங்கோ, மை காயுது," என்றார் முதலாளி. தாய்தான் வென்றார்.

முதல் அடியில் அவள் பெயர் முழுதாக வந்தது. அவர் பெயரில் கொம்பு மட்டும் நின்றது, பக்கத்தில் ஒரு வெள்ளை இடம், யாரோ வந்து உட்கார ஒதுக்கி வைத்த கதிரைபோல. கார்டுகளை வாங்குப் பலகையிலும் தரையிலும் பரப்பிக் காயவிட்டோம். மறுநாள் நான் சட்டத்தைத் தளர்த்தி, அவள் பெயரிலிருந்து ஜவைக் கழற்றினேன். மையும் மண்ணெண்ணெயுமாக வழுக்கியது. துணியால் துடைத்து அவர் பெயரில் இறக்கி இறுக்கினேன். இங்கிலிசில் வந்த ஒலியைச் சுமந்த ஈயம் சமஸ்கிருதத்தில் வந்த ஒலியைச் சுமக்கப் போனது. ஈயத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தாளில் ஓட்டை வெட்டினேன். முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். கார்ட் ஒவ்வொன்றும் வெளியே வர, அன்றும் வந்திருந்த பெண் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினாள். கொம்புக்குப் பக்கத்தில் ஜ வந்து உட்கார்ந்திருந்தது. சிலதில் கொஞ்சம் மேலே, சிலதில் கொஞ்சம் தள்ளி. நாலைந்து பழுதாய்ப் போனது. மிச்சம் தப்பியது.

பின்னேரம் தாய் வந்து ஒரு கார்டை வெளிச்சத்துக்குப் பிடித்தார். மாஸ்ரர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. நாங்கள் எல்லோரும் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ரை பிள்ளையின்ரை எழுத்துக் கொஞ்சம் தூக்கி நிக்குது."

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"பரவாயில்லை," என்றார் தாய், கார்டைப் பெண்ணிடம் நீட்டியபடி. "உன்னைப் பாக்க எட்டி நிக்கிறான் போலை."

பெண் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியாது, குனிந்துவிட்டாள். மாஸ்ரர் உள்ளே வந்து முதல் கார்டைச் சம்பந்தியம்மாவிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். அவரும் இரண்டு கையாலும் வாங்கினார்.

அவர்கள் போன பிறகு நான் எழுத்துகளைப் பிரித்துப் பெட்டிக்குள் போட்டேன். க கவோடு, ம மவோடு சத்தமாய் விழுந்தன. ஜவைக் கடைசியாக வைத்தேன். மேல் மூலையில், தன் அறையில், அது மறுபடி தனியே கிடந்தது.