புதுச்சேரி என்று போன பயோடேட்டா

என் மகள் வேலை தேடுகிறாள் என்பதை நான் முழுதாக நம்பவில்லை. சென்னையில் அவள் இருந்த கணக்குப் பிரிவை மூடிவிட்டார்கள் என்று பெட்டியோடு காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவள், நாள் முழுக்க லேப்டாப் முன்னால்தான் இருந்தாள். ஆனால் ஒரு கடிதம் வரவில்லை, ஒரு தபால்காரர் வாசலில் நிற்கவில்லை. நான் பொதுப்பணித் துறையில் சரக்குக் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். உள்ளே வந்தது, வெளியே போனது, இருப்பு என்ற மூன்றும் கண்ணில் படாத எந்த வேலையையும் வேலையென்று ஒப்புக்கொள்ள எனக்கு வராது.

"நெஜமா அனுப்புறியா, இல்ல படம் பாக்குறியா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என் கைப்பேசியை வாங்கி ஏதோ ஒரு சுட்டியை வாட்ஸப்பில் அனுப்பினாள். "இதத் தொறந்து பாருங்க. எல்லாம் இருக்கு."

திறந்தால் கட்டம் கட்டமாக ஒரு தாள். நிறுவனம், பதவி, அனுப்பிய பயோடேட்டா எது, அனுப்பிய தேதி, மறுபடி விசாரிக்க வேண்டிய தேதி, விசாரித்ததா, கடைசியில் நிலை. பதில் வராதவை சாம்பல் நிறம். மறுத்தவை சிவப்பு. ஒரு கட்டத்தைத் தொட்டு எழுத்தைத் திருத்தப் பார்த்தேன், வரவில்லை.

"ஏன் எழுத வரல?"

"பாக்க மட்டுந்தாம்ப்பா குடுத்துருக்கேன்."

"அப்பங்கிட்டயே?"

"அப்பங்கிறதாலதான்," என்றாள் சமையலறையிலிருந்து அவள் அம்மா.

அன்றிலிருந்து காலையில் காபி குடித்ததும் தாளைத் திறந்து எண்ணுவது என் வழக்கமாயிற்று. கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளி எண்ண வேண்டும். பாதியில் கை தவறினால் மறுபடி மேலிருந்து. முதலில் நான் தேடியது ஓட்டைகளை. அனுப்பியதாகத் தேதி போட்டுவிட்டு அனுப்பாமல் விட்டிருப்பாளோ, பத்து நாள் கழித்து விசாரிக்க வேண்டியதை விட்டுவிட்டு விசாரித்ததாக எழுதியிருப்பாளோ என்று. ஒன்றும் அகப்படவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. இவ்வளவு ஒழுங்கான கணக்கு எங்கள் அலுவலகத்தில் தணிக்கைக்கு முந்தைய வாரம்தான் இருக்கும்.

பிறகு மூன்றாவது பத்தியில் கண் நின்றது. அனுப்பிய பயோடேட்டா என்ற இடத்தில் சிலவற்றுக்கு 'கே' என்றும் சிலவற்றுக்கு 'பி' என்றும் போட்டிருந்தாள். இரண்டையும் தனித்தனியாக எண்ணினேன். 'கே' போன இடங்கள் பெரும்பாலும் சாம்பல். யாராவது போன் செய்து பேசியிருந்தார்கள் என்றால் அது அநேகமாக 'பி' போன இடம். அந்த 'பி'யில் ஏதோ கலப்படம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். படிக்காத படிப்பு, பார்க்காத வேலை ஏதாவது.

"ரெண்டையும் காட்டு," என்றேன்.

காட்டினாள். வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தேன். படிப்பு ஒன்றே, டேலி, ஜிஎஸ்டி எல்லாம் ஒன்றே. மேலே பெயருக்குக் கீழே ஊர் மட்டும் வேறு. 'கே'யில் காரைக்கால். 'பி'யில் புதுச்சேரி.

"இது பொய்தானே?"

"எப்புடிப்பா பொய்? ஆதார்ல என்ன போட்டுருக்கு, காரைக்கால், புதுச்சேரின்னுதானே? நான் முன்னாடி இருக்கறத எடுத்துட்டு பின்னாடி இருக்கறத வச்சுருக்கேன். புதுச்சேரில உள்ள கம்பெனிக்கெல்லாம் காரைக்கால்னு அனுப்புனா, தஞ்சாவூர்ப் பக்கம்னு நெனச்சு ஒதுக்கிடுறாங்க."

"மாட்டிக்கப் போற."

"மாட்டட்டும். கூப்பிட்டாத்தானே மாட்ட முடியும்?"

யூனியன் பிரதேசம் ஒன்றுதான். தலைநகருக்குப் போக நடுவே தமிழ்நாட்டைக் கடந்து நாலு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். அது அந்தக் கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு அன்றிலிருந்து தூக்கம் கெட்டது.

மாட்டும் நாள் ஒரு மத்தியானம் வந்தது. தெரியாத எண். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்காளர் வேலை. எந்தத் தேதியில் விண்ணப்பித்தாள் என்று போனில் பேசிய பெண் சொல்லவில்லை. இவள் ஒரு கையால் தாளில் நிறுவனத்தின் பெயரைத் தேடிக்கொண்டே பேசினாள். வரிசை கிடைத்தது. 'பி'. என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு காலைல பத்து மணிக்கு வந்துடுங்க மேடம், பக்கத்துலதானே இருக்கீங்க," என்றது குரல்.

நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். மறுநாளே வா என்பவன் பணம் பறிக்கிறவனாகத்தான் இருப்பான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வர்றேன் மேடம்," என்றாள்.

விடியுமுன் பஸ் ஏறினோம். நானும் போனேன், தனியாக அனுப்ப அந்த நிறுவனம் நிஜம்தானா என்று எனக்குத் தெரியாது. நிஜம்தான். வாசலில் பெயர்ப்பலகை, காவலாளி, லாரி. காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே போனவர்களையும் திரும்பியவர்களையும் எண்ணினேன். மகள் கடைசியாக வந்தாள்.

"புதுச்சேரில எங்கன்னு கேட்டாங்க. காரைக்கால்னு சொல்லிட்டேன். காலைல அங்கேருந்தா வர்றீங்கன்னு சிரிச்சாங்க. அப்புறம் தெனம் எப்புடி வருவீங்கன்னாங்க. ஹாஸ்டல்ல தங்குவேன்னேன். சொல்லி அனுப்புறோம்னுட்டாங்க."

"போச்சு," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பயோடேட்டாவைத் திறந்து ஊரை மாற்றினாள்: காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசம், வேலை கிடைக்கும் ஊரில் தங்கச் சம்மதம். அதற்கு 'கேபி' என்று பெயர் வைத்தாள். அந்த நிறுவனத்துக்கே நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் எழுதி, இதுதான் என் சரியான முகவரி என்று புதிய பிரதியை இணைத்தாள். தாளில் அந்த வரியில் 'பி'க்குப் பக்கத்தில் 'பின்னர் கேபி' என்று சேர்த்து, ஒரு வாரம் தள்ளி விசாரிக்கும் தேதி போட்டாள்.

"இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் நீயே எழுதிக் குடுத்துக் கெடுத்துட்ட," என்றேன்.

"சேந்தப்புறம் முழிக்கிறதுக்கு இது தேவலப்பா."

அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வரியை மட்டும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் மாறவில்லை. குறித்த தேதியன்று அவள் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசும் சத்தம் கேட்டது. என்ன பேசினாள் என்று புரியவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து தாளைத் திறந்தேன். நிலை என்ற கட்டம் காலியாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கையில் அதில் தானாக எழுத்து விழுந்தது. 'சேரச் சொல்லிவிட்டார்கள்.' அந்த வரி அப்படியே பச்சையாயிற்று.

நான் எழுந்து போகவில்லை. அவளே வந்து சொல்லட்டும் என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல மின்விசிறியைப் பார்த்தேன்.

அவள் கதவைத் திறந்தாள். "பாத்துட்டீங்கள்ல?"

"எதை?"

"நடிக்காதீங்கப்பா. நீங்க தொறந்தா எனக்குத் தெரியும். பேரு தெரியாம, தாளுக்கு மேல ஓரத்துல ஒரு மிருகப் படம் வந்து நிக்கும். ஒருநாள் ஒட்டகம், ஒருநாள் எறும்புத்தின்னி. அந்தச் சுட்டி உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு."

"இத்தன மாசமா தெரியுமா?"

"காலைல காபி நேரத்துக்கு கரெக்டா வரும். அது வர்றதுக்குள்ள நேத்து விட்டதையெல்லாம் முடிச்சு வச்சுருவேன்."

அவள் அம்மாவிடம் சொல்ல உள்ளே போனாள். நான் கைப்பேசியைத் திருப்பினேன். பச்சை அப்படியே இருந்தது. வேலை உத்தரவு வரட்டும். அதில் முன்பணம் ஏதாவது கேட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.